A- ரேட்டிங், 12.25% வட்டி: அந்த எழுத்துக்குப் பின்னால் இருக்கும் ஆறு பக்கங்கள்

"ஒரு பாண்ட் ஆப்பில் வாகனக் கடன் கொடுக்கும் கம்பெனி ஒன்றின் என்சிடி என்ற கடன் பத்திரத்தைப் பார்த்தேன் சார். A- ரேட்டிங், 12.25% வட்டி, 24 மாதம், செக்யூர்டு என்றும் போட்டிருக்கிறது. அப்பா ரிடையர் ஆனபோது வந்த பணத்தில் 5 லட்சம் போடலாமா என்று யோசனை. இந்த ரேட்டிங்கை எவ்வளவு நம்பலாம், எப்படிப் படிக்க வேண்டும்?"

ஆப்பில் அந்த எழுத்தை மட்டும்தான் பெரிதாகக் காட்டுவார்கள். அதற்குப் பின்னால் ரேட்டிங் ரேஷனேல் என்று ஐந்தாறு பக்க ஆவணம் ஒன்று இருக்கிறது. ரேட்டிங் கொடுத்த நிறுவனத்தின் இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டுத் தேடினால் இலவசமாகக் கிடைக்கும். நான் பல வருடம் கடன் பிரிவில் வேலை பார்த்தவன். அங்கே எங்கள் மேனேஜர், எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு ஆவணத்தைப் படிக்கச் சொல்வார். படித்து முடித்ததும் நீயாக என்ன எழுத்து போடுவாய் என்று கேட்பார். உங்களுக்கும் அதே வழியைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் அந்த எழுத்து எதைச் சொல்கிறது என்று பார்த்துவிடலாம். வட்டியையும் அசலையும் சொன்ன தேதியில் சொன்னபடி கட்டுவார்களா என்பது பற்றிய கணிப்பு அது, அவ்வளவுதான். AAA, AA+, AA, AA-, A+, A, A- என்று எண்ணி வந்தால் உங்கள் பாண்ட் ஏழாவது படியில் நிற்கிறது. அதற்குக் கீழே BBB+, BBB, BBB- என்று மூன்று படிகள். அதோடு 'இன்வெஸ்ட்மென்ட் கிரேடு' முடிந்துவிடுகிறது. ஆப்பில் பச்சை நிறத்தில் 'இன்வெஸ்ட்மென்ட் கிரேடு' என்று போட்டிருந்தால் பொய் இல்லை. ஆனால் AAA-வுக்கும் BBB-க்கும் அதே பச்சைதான்.

கட்டத் தவறினால் உங்களுக்கு எவ்வளவு திரும்பக் கிடைக்கும், நடுவில் விற்க நினைத்தால் வாங்க ஆள் இருக்குமா, 12.25% என்பது நியாயமான வட்டியா என்ற கேள்விகளுக்கு அந்த எழுத்தில் பதில் கிடையாது. அதே சமயம், தவறுவது என்றால் என்ன என்பதில் மட்டும் விதி மிகக் கறாரானது. ஒரு நாள் தாமதமானாலும், ஒரு ரூபாய் குறைந்தாலும் ரேட்டிங் D. எனக்கே ஒரு முறை நடந்தது. நான் வைத்திருந்த ஒரு கம்பெனியின் வட்டி 15-ஆம் தேதி வர வேண்டும், வரவில்லை. 19-ஆம் தேதி முழுத்தொகையும் வந்துவிட்டது. அதற்குள் ரேட்டிங் D ஆகியிருந்தது. பணம் வந்துவிட்டதே, என்ன குடி முழுகிப்போயிற்று என்று நினைத்தேன். ஆனால் D விழுந்ததும் வங்கிகள் அந்தக் கம்பெனிக்குப் புதிதாகக் கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டன. அதற்குப் பிறகு வந்த தவணைகள்தான் உண்மையிலேயே மாட்டிக்கொண்டன.

சரி, ஆவணத்துக்கு வருவோம். திறந்ததும் முதலில் தேதியைப் பாருங்கள். ரேட்டிங்கை வருடத்துக்கு ஒரு முறையாவது மறுபரிசீலனை செய்தாக வேண்டும். ஆப்பில் இணைத்திருக்கும் பிடிஎஃப் பதினான்கு மாதம் பழையது என்றால், இடையில் இன்னொன்று வெளியாகியிருக்கும், அதைத் தேடி எடுங்கள். அடுத்து, ஆவணத்தின் கடைசியில் ஒரு அட்டவணை இருக்கும். எந்தெந்தப் பத்திரங்களுக்கு இந்த ரேட்டிங் என்று, ஒவ்வொரு பத்திரத்துக்கும் உரிய தனி அடையாள எண்ணான ஐஎஸ்ஐஎன்னோடு கொடுத்திருப்பார்கள். ஆப்பில் உள்ள ஐஎஸ்ஐஎன் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே கம்பெனியின் வங்கிக் கடனுக்கு ஒரு ரேட்டிங்கும், கடைசி வரிசையில் பணம் பெறும் கடன் பத்திரத்துக்கு ஒரு படி குறைந்த ரேட்டிங்கும் இருப்பதுண்டு. விளம்பரத்தில் எது உயர்ந்ததோ அதுதான் வரும். A1+ என்று பார்த்து, அது A-வை விட மேல் என்று வாங்கியவர்களையும் எனக்குத் தெரியும். அது ஒரு வருடத்துக்கு உட்பட்ட குறுகிய காலக் கடனுக்கான தனி வரிசை. உங்கள் 24 மாதப் பத்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எழுத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவதையும் விடாமல் படியுங்கள். `A-/Stable` என்றால் ஒன்று, `A-/Negative` என்றால் வேறு. நெகட்டிவ் என்று போட்டால், நிலைமை இப்படியே போனால் இறக்கிவிடுவோம் என்று முன்கூட்டியே சொல்கிறார்கள் என்று அர்த்தம். `A-(CE)` என்று இருந்தால், கம்பெனி தன் சொந்தக் காலில் நின்று A- வாங்கவில்லை. வேறு யாரோ கொடுத்த உத்தரவாதத்தையோ, ஏதோ ஒரு கூடுதல் ஏற்பாட்டையோ வைத்து அந்த எழுத்து வந்திருக்கிறது. அந்த ஆதரவு இல்லாவிட்டால் என்ன ரேட்டிங் வரும் என்பதும் ஆவணத்தில் இருக்கும், அதைப் பாருங்கள். BB என்று இருந்தால், நீங்கள் கடன் கொடுப்பது உத்தரவாதம் கொடுத்தவரை நம்பித்தான். அப்படியானால் அவருடைய ரேஷனேலையும் எடுத்துப் படிக்க வேண்டும்.

`ISSUER NOT COOPERATING` என்று இருந்தால் மேலே படிக்க வேண்டாம், மூடிவிடுங்கள். கம்பெனி விவரம் கொடுப்பதையே நிறுத்திவிட்டது, கையில் கிடைத்ததை வைத்து ஏதோ போட்டிருக்கிறோம் என்பதுதான் அதன் பொருள்.

அப்புறம் ரேட்டிங் வரலாறு. இதுவும் கடைசிப் பக்கங்களில்தான் இருக்கும், மூன்று வருடத்துக்குக் கொடுத்திருப்பார்கள். இங்கே ஒரு விஷயம் புரிந்துகொள்ள வேண்டும். ரேட்டிங்குக்குக் கட்டணம் கட்டுவது கடன் வாங்கும் கம்பெனி. கிரிசில், இக்ரா, கேர், இந்தியா ரேட்டிங்ஸ், அக்யூட்டே, இன்ஃபோமெரிக்ஸ் என்று இந்தியாவில் பல நிறுவனங்கள் இருக்கின்றன. ஒருவர் BBB+ போட்டால் இன்னொருவரிடம் போகலாம். அதனால் வரலாற்றுப் பகுதியோடு நிற்காமல் மற்ற ரேட்டிங் நிறுவனங்களின் தளங்களிலும் தேடி, போன வருடம் வேறொரு நிறுவனம் கொடுத்த BBB+ திரும்பப் பெறப்பட்டு, அடுத்த சில மாதங்களில் இன்னொருவரிடமிருந்து A- வந்திருக்கிறதா என்று பாருங்கள். மற்ற ரேட்டிங் நிறுவனங்களோடு ஒத்துழைக்காத நிலை பற்றியும் ஆவணத்தில் ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் 'இல்லை' என்றுதான் இருக்கும். ஆனால் இருந்துவிட்டால் அந்த ஒரு வரி மற்ற ஆறு பக்கத்தையும் விட முக்கியம். கம்பெனி ஏற்க மறுத்த ரேட்டிங்குகளையும் ரேட்டிங் நிறுவனங்கள் தங்கள் தளத்தில் வெளியிட வேண்டும் என்று செபி விதி வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த பத்தி. `Liquidity` என்ற தலைப்பில் வரும். பக்கத்திலேயே `Strong`, `Adequate`, `Stretched`, `Poor` என்று ஒரு வார்த்தை இருக்கும். செபி கட்டாயமாக்கிய பிறகுதான் இது ஒழுங்காக எழுதப்படுகிறது. கடன் கொடுக்கும் கம்பெனிகள் நஷ்டத்தால் ஒரே நாளில் சாவதில்லை. கட்ட வேண்டிய நாளில் கையில் காசு இல்லாமல்தான் விழுகின்றன. அதனால் அந்த ஒரு வார்த்தையோடு நிற்காமல், கீழே உள்ள எண்களை ஒரு தாளில் எழுதிக் கணக்குப் போடுங்கள்.

நீங்கள் கம்பெனியின் பெயரைச் சொல்லவில்லை. அதனால் இந்த அளவில் இருக்கும் ஒரு வாகனக் கடன் கம்பெனியின் ரேஷனேலில் வழக்கமாக வருகிற மாதிரி எண்களை நானே எடுத்துக்கொள்கிறேன். கையில் ரொக்கம் 62 கோடி. அடுத்த ஆறு மாதத்தில் தனக்குக் கடன் கொடுத்தவர்களுக்குத் திருப்பிக் கட்ட வேண்டியது 210 கோடி. அதே ஆறு மாதத்தில் லாரி, ஆட்டோ வாங்கியவர்களிடமிருந்து வசூலாக வேண்டியது 190 கோடி. வங்கிகள் ஒப்புக்கொண்டு இன்னும் எடுக்காத கடன் 40 கோடி. இதைப் பார்த்து `Adequate` என்று எழுதியிருப்பார்கள்.

சம்பளம், கிளை வாடகை எல்லாம் சேர்த்து ஆறு மாதச் செலவு 25 கோடி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வெளியே போவது 235 கோடி. ரொக்கமும் வசூலும் சேர்ந்தால் 252 கோடி. 17 கோடி மிஞ்சுகிறது, பரவாயில்லை. இப்போது வசூலை 20 சதவீதம் குறைத்துப் பாருங்கள். 190 கோடி 152 ஆகிவிடும். 62-ம் 152-ம் 214. வெளியே போக வேண்டியது அதே 235. 21 கோடி துண்டு விழுகிறது. 40 கோடி வங்கிக் கடன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் வசூல் குறைந்த செய்தி வெளியே வந்த மாதத்தில் வங்கி அந்தக் கடனைக் கொடுக்குமா? நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன், அதனால் சொல்கிறேன்: முதலில் நிறுத்துவதே அதைத்தான். எடுக்காத கடனைக் கணக்கில் சேர்க்காமல் கம்பெனி ஆறு மாதம் தாக்குப்பிடிக்குமா என்பதுதான் நான் போடும் கணக்கு. இந்த மாதிரிக் கம்பெனி வசூல் நன்றாக இருந்தால் தாண்டும், கொஞ்சம் சறுக்கினாலும் தாண்டாது. A- என்றால் நடைமுறையில் இதுதான்.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். புதிதாக ஒரு லாரிக்குக்கூடக் கடன் கொடுக்காமல் கடையைச் சாத்தி வைத்திருந்தால்தான் இந்த 17 கோடியே மிஞ்சும். ஆனால் வளர வேண்டிய கம்பெனி மாதா மாதம் கடன் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும், அதற்குப் புதுக் கடன் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் 5 லட்சமும் அப்படி வாங்கும் புதுக் கடனில் ஒரு துளிதான்.

அடுத்து `Rating Sensitivities` என்ற பகுதி. எது நடந்தால் ஏற்றுவோம், எது நடந்தால் இறக்குவோம் என்று ரேட்டிங் போட்டவரே எழுதி வைத்திருப்பார். 'மொத்த வாராக்கடன் 5 சதவீதத்தைத் தொடர்ந்து தாண்டினால்', 'கடன் சொந்த மூலதனத்தைப் போல் 4 மடங்கைத் தாண்டினால்' என்கிற மாதிரி இருக்கும். பலர் இதைச் சடங்கு என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். இந்த வரம்பை எடுத்து, அதே ஆவணத்தில் உள்ள இப்போதைய எண்ணோடு பக்கத்தில் வையுங்கள். வாராக்கடன் இப்போது 2.8 என்றால் இடைவெளி இருக்கிறது. இப்போதே 4.6, வரம்பு 5 என்றால் அடுத்த காலாண்டிலேயே இறங்கலாம். அந்த A- பெயரளவில்தான் A-. பழைய ரேஷனேலும் கிடைத்தால் இன்னும் நல்லது. போன வருடம் வரம்பு 4 என்று இருந்து, இந்த வருடம் எண் 4.6 ஆனதும் வரம்பை 5-க்கு நகர்த்தியிருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, பத்திரத்தின் நிபந்தனைகளில் வரும் ரேட்டிங் ஷரத்து. ரேட்டிங் ஒரு படி இறங்கினால் வட்டி கால் சதவீதம் கூடும், BBB-க்குக் கீழே போனால் முன்கூட்டியே பணத்தைக் கேட்கலாம் என்று இருக்கும். படிக்க நமக்குப் பாதுகாப்பு மாதிரி தெரியும். ஆனால் கம்பெனிக்குக் கடன் கொடுத்த மற்றவர்களுடைய பத்திரத்திலும் பெரும்பாலும் இதே மாதிரி ஷரத்து இருக்கும். ரேட்டிங் அந்தக் கோட்டைத் தாண்டிய அன்று எல்லாரும் ஒரே கதவு வழியாக வெளியே ஓடப் பார்ப்பார்கள். ரேட்டிங் மெதுவாகப் படிப்படியாக இறங்காமல், கிணற்றில் விழுந்த மாதிரி விழுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

அப்படி விழுந்ததற்கு ஒரு நிஜ உதாரணம் டிஎச்எஃப்எல். 2018 மே மாதம் அந்த வீட்டுக்கடன் நிறுவனம் பொதுமக்களுக்கு என்சிடி வெளியிட்டது. கேர், பிரிக்வொர்க் என்ற இரண்டு ரேட்டிங் நிறுவனங்களும் AAA கொடுத்திருந்தன. வட்டி 9 சதவீதம் அளவில். செக்யூர்டு. ஓய்வூதியக்காரர்கள் நிறையப் பேர் வாங்கினார்கள், AAA-வை விட மேலே எழுத்தே கிடையாதே. அந்த செப்டம்பரில் உள்கட்டமைப்புக்குக் கடன் கொடுக்கும் ஐஎல் அண்ட் எஃப்எஸ் குழுமம் கட்ட முடியாமல் விழுந்தது. அதற்கும் ஆகஸ்ட் தொடக்கம் வரை AAA தான், செப்டம்பர் நடுவில் D. (அந்த விஷயத்துக்காகச் செபி பிற்பாடு மூன்று ரேட்டிங் நிறுவனங்களுக்கு அபராதம் போட்டது. அபராதம் போட்டதால் யாருக்கும் பணம் திரும்பவில்லை என்பது வேறு.)

செப்டம்பர் 21-ஆம் தேதி ஒரு மியூச்சுவல் ஃபண்ட் தன்னிடம் இருந்த டிஎச்எஃப்எல் குறுகிய காலப் பத்திரத்தைச் சந்தையில் விற்றது. வாங்கியவருக்குக் கிடைத்த வட்டி விகிதம் சுமார் 11 சதவீதம். அன்று ஒரே நாளில் பங்கு விலை 40 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ரேட்டிங்கோ அப்போதும் உச்சியில்தான். கேர் முதல் தடவையாக AAA-விலிருந்து AA+-க்கு இறக்கியது 2019 பிப்ரவரியில். அதன் பிறகு படிகள் வேகமாக நகர்ந்தன. ஜூன் 4-ஆம் தேதி கட்ட வேண்டிய வட்டியைக் கட்டவில்லை, மறுநாள் D. முதல் இறக்கத்திலிருந்து அடித்தட்டுக்கு நான்கு மாதம்.

இதில் நமக்கு வேண்டிய பாடம் ரேட்டிங் நிறுவனங்கள் மோசம் என்பதல்ல. ரேட்டிங் மாறுவதற்கு நான்கரை மாதம் முன்னாலேயே சந்தை விலை பேசிவிட்டது என்பதுதான். ஆகவே எந்தப் பத்திரத்தை வாங்கும் முன்னும், அதே ரேட்டிங், அதே காலம், அதே தொழில் உள்ள மற்ற கம்பெனிகள் என்ன வட்டி தருகின்றன என்று பாருங்கள். ஒரே ஆப்பிலேயே வடிகட்டிப் பார்க்கலாம். மற்ற A- வாகனக் கடன் கம்பெனிகள் 11 சதவீதத்தில் இருக்க உங்களுடையது 12.25 என்றால், அந்த ஒன்றேகால் சதவீதத்தை யாரும் தர்மத்துக்குத் தரவில்லை. பெரிய முதலீட்டாளர்கள் இதை A- என்று நினைக்கவில்லை, BBB+ என்று நினைத்து விலை போடுகிறார்கள். மற்றவர்களும் 12 பக்கம்தான் இருக்கிறார்கள் என்றால் கவலை இல்லை, A-யின் விலையே அதுதான்.

செக்யூர்டு என்ற வார்த்தையையும் டிஎச்எஃப்எல் கதையிலேயே பார்த்துவிடலாம். 2019 நவம்பரில் ரிசர்வ் வங்கி அதன் இயக்குநர் குழுவைக் கலைத்தது. பிறகு திவால் நடவடிக்கை. 2021 செப்டம்பரில் பிரமல் குழுமம் நிறுவனத்தை எடுத்துக்கொண்டு பணம் கொடுத்தது. மொத்தக் கடன்காரர்களின் கோரிக்கை சுமார் 87,000 கோடி, கிடைத்தது சுமார் 38,000 கோடி. அதிலும் கணிசமான பங்கு ரொக்கமாக வரவில்லை, 6.75% வட்டியில் பத்து வருடப் புதுப் பத்திரமாக வந்தது. இரண்டேகால் வருடக் காத்திருப்பு, பாதிக்கும் குறைவான தொகை, அதற்குள் இன்னொரு பத்து வருடப் பத்திரம். கடன் கொடுக்கும் கம்பெனியில் செக்யூர்டு என்றால், அது மற்றவர்களுக்குக் கொடுத்த கடன்களின் வசூல் மேல் உங்களுக்கும் மற்ற கடன்காரர்களுக்கும் சேர்த்து ஒரு பிடி இருக்கிறது என்று பொருள். நகையை அடகுக்கடையில் வைத்த மாதிரி அல்ல. பத்திரம் வாங்கியவர்கள் சார்பில் டிரஸ்டி என்று ஒருவர் இருப்பார், அவர் வழியாகத்தான் எல்லாமே நகர வேண்டும். பிடியே இல்லாததை விட நல்லதுதான், மறுக்கவில்லை.

இப்போது உங்கள் 5 லட்சத்துக்கு வருவோம். இரண்டு வருடத்துக்கு AAA பத்திரம் 7.75 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். A-க்குப் போவதால் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது வருடம் 4.5 சதவீதம், அதாவது 22,500 ரூபாய். இரண்டு வருடத்துக்கு 45,000, வரிக்கு முன். கம்பெனி விழுந்து 35 சதவீதம்தான் திரும்பக் கிடைத்தது என்றால் போவது 3,25,000. 45,000-ஐ, இரண்டும் சேர்ந்த 3,70,000-ஆல் வகுத்தால் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. இரண்டு வருடத்தில் விழும் வாய்ப்பு அதை விடக் குறைவு என்று நம்பினால், கணக்குப்படி இந்தப் பேரம் லாபம்தான். ஒவ்வொரு ரேட்டிங் நிறுவனமும், தான் கொடுத்த எழுத்துகளில் எத்தனை சதவீதம் மூன்று வருடத்துக்குள் விழுந்தன என்று வருடா வருடம் வெளியிடுகிறது. A வரிசைக்கு அது எட்டில் ஒன்றெல்லாம் இல்லை, வெகு குறைவு.

அப்புறம் என்ன, போட்டுவிடலாமே என்றால், அந்தச் சதவீதம் நூற்றுக்கணக்கான கம்பெனிகளின் சராசரி. நீங்கள் வாங்குவது ஒன்று. சரி, பிரித்துப் போடலாம் என்று ஐந்து கம்பெனிகளில் லட்சம் லட்சமாகப் போட்டால்? ஒன்று விழுந்தால் 65,000 போகும். மற்ற நான்கும் இரண்டு வருடத்தில் கூடுதலாகச் சம்பாதித்தது தலா 9,000, ஆக 36,000. ஒன்றின் நஷ்டத்தை நான்கு பேர் சேர்ந்தும் அடைக்க முடியவில்லை. பத்தாகப் பிரித்து ஐம்பதாயிரம் வீதம் போட்டால், ஒன்று விழுந்து போவது 32,500, மற்ற ஒன்பதின் கூடுதல் வட்டி 40,500. இப்போதுதான் தலை தண்ணீருக்கு மேலே வருகிறது. அந்தப் பத்தும் பத்து விதமான தொழிலாக இருக்க வேண்டும். பத்தும் வாகனக் கடன் கம்பெனி என்றால், டீசல் விலை ஏறி லாரிகள் நின்ற வருடத்தில் பத்துமே சேர்ந்து தடுமாறும்.

முன்பு தனிப்பட்ட முறையில் வெளியிடும் பத்திரங்களின் முகமதிப்பு 10 லட்சம். செபி அதை முதலில் 1 லட்சமாகவும், 2024-இல் குறிப்பிட்ட சில நிபந்தனைகளோடு 10,000 ரூபாயாகவும் குறைத்தது. அதனால் இப்படிப் பிரித்துப் போடுவது இன்று கைக்கு எட்டும். ஆனால் பத்துக் கம்பெனி என்றால் பத்து ரேஷனேல், அதுவும் வருடா வருடம். அதற்கு நேரமில்லை என்றால் இந்தப் பேரத்தையே விட்டுவிடலாம்.

அப்பாவின் பணம் என்பதால் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ஐந்து லட்சத்தை இந்த ஒரு பத்திரத்தில் நான் போட மாட்டேன். அந்த வட்டி மாதா மாதம் வீட்டுச் செலவுக்கு வேண்டியது என்றால் ஐம்பதாயிரம்கூடப் போட மாட்டேன். அவசரத் தேவையில்லாத பணம், ஆவணம் நான் சொன்ன கணக்குகளில் தேறுகிறது, விலையும் மற்ற A- பத்திரங்களோடு ஒத்துப்போகிறது என்றால், ஐம்பதாயிரம் போடலாம். மீதி அரசுப் பத்திரத்திலோ, தபால் நிலைய மூத்த குடிமக்கள் திட்டத்திலோ இருக்கட்டும்.

வாங்கிவிட்டால், ரேட்டிங் நிறுவனத்தின் தளத்தில் அந்தக் கம்பெனியின் பக்கத்தைப் புக்மார்க் செய்துகொண்டு, ஒவ்வொரு காலாண்டு முடிவு வெளியானதும் ஒரு தடவை திறந்து பாருங்கள். எழுத்து மாறும் வரை காத்திருக்க வேண்டாம். `Stable` என்பது `Negative` ஆன அன்றே ஆவணத்தை எடுத்து அந்த ஆறு மாதக் கணக்கை மறுபடி போடுங்கள். துண்டு விழுந்தால் விற்கப் பாருங்கள். A- பத்திரத்துக்கு வாங்க ஆள் குறைவு, நூறு ரூபாய்ப் பத்திரத்துக்கு 96, 97 என்று கேட்பார்கள். மேலே சொன்னேனே, 19-ஆம் தேதி வட்டி வந்த கம்பெனி, அதில் ஆறு மாதம் முன்னாலேயே எனக்கு 95 ரூபாய்க்கு ஆள் கிடைத்தது. ஐந்து ரூபாய் நஷ்டமா என்று மனசு வரவில்லை. கடைசியில் கைக்கு வந்தது 41.